புதுப்பிப்பு: பரதமா, அறிவியல் கண்காட்சியா?

"மகளுக்கு ஒரே நாளில் நாட்டிய நிகழ்ச்சியும் அறிவியல் கண்காட்சியும். எதை விடுவது?" என்று கேட்டிருந்தேன். கண்காட்சிக்கு அவளும் ஒரு தோழியும் சேர்ந்து நீர் வடிகட்டி வைக்கிறார்கள்.

கண்காட்சியைத் தோழியே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒருவர் சொன்னது பாதிதான் சரி. நீர் வடிகட்டியை யாரும் காட்டலாம். மணல், கரி அடுக்குகளை மாற்றி மாற்றிச் சோதித்தவள் மகள்தான். நடுவர் கேள்வி அங்கிருந்துதான் வரும்.

முடிவைத் திருப்பியது ஒரு நடன ஆசிரியை: "தனியா, குழுவா?" குழுத் தில்லானா. ஒருத்தி குறைந்தால் மற்றவர்கள் நிற்கும் இடமெல்லாம் மாறும், அடவுகளை மறுபடி ஒத்திகை பார்க்க வேண்டும். அதனால் ஆடப் போகிறாள்.

மகன் நீச்சல் போட்டியைத் தவறவிட்ட கதையை எழுதியவருக்கும் நன்றி. அங்கே அவன் ஒருவனுக்குத்தான் இழப்பு.

இப்போது சோதனைக் குறிப்பேட்டை வைத்துத் தோழியைப் பழக்குகிறாள். கரி நிறத்தை நீக்கும், கரைந்த உப்பை ஏன் விட்டுவிடுகிறது? அங்கேதான் தோழி இன்னும் தடுமாறுகிறாள்.