வீட்டுக்காரப் பெரியவருக்கு முதல் கடிதம்: உங்கள் அனுபவம்?

மாடிவீட்டுக்காரி: ஆடியில் கும்பகோணத்தில் ஒரு மாடி போர்ஷன் பார்த்தோம். வீட்டுக்காரருக்கு 80 வயது, ஓய்வு பெற்ற தமிழாசிரியர். போனில் காது சரியாகக் கேட்காது என்று எழுதி அனுப்பச் சொன்னார். "அன்புள்ள தாத்தா, வீடு பிடித்திருக்கிறது. ஆவணியில் பால் காய்ச்சலாம் என்று இருக்கிறோம். அட்வான்ஸ் எவ்வளவு என்று தெரிவிக்கவும்" என்று வாட்ஸப்பில் அனுப்பினேன். இரண்டு நாள் பதிலே இல்லை. அப்புறம் அவர் மகள் கூப்பிட்டு, "அப்பாவுக்குக் கொஞ்சம் சங்கடமா போச்சும்மா" என்றார். எது உறுத்தியது என்று கேட்க வாய் வரவில்லை.

பழைய எழுத்தர்: பத்திரம் எழுதும் இடத்தில் 22 வருடம் இருந்தவன். எனக்குப் படுவது 'தெரிவிக்கவும்'. 'கதவை மூடவும்' என்று போர்டில் எழுதுகிற தொனி அது. "தெரிவித்தீர்கள் என்றால் பணத்துக்கு ஏற்பாடு செய்துகொள்கிறேன், ஐயா" என்று எழுதிப் பாருங்கள். கேட்பது அதையேதான், ஏவுகிற மாதிரி இருக்காது. தொடக்கத்தில் 'மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, வணக்கம்' போதும். உறை மேல் பெயருக்கு முன்னால் 'திரு.', பின்னால் 'அவர்கள்'. 'உயர்திரு' போட்டால் மனு மாதிரி ஆகிவிடும்.

சேலத்துப் பையன்: நான் எல்லாப் பெரியவர்களுக்கும் 'தாங்கள்'தான். அதில் தப்பே வராது.

பழைய எழுத்தர்: வரும் தம்பி. முதல் வரியில் 'தாங்கள்', மூன்றாவது வரியில் 'உங்க மோட்டார்' என்று எழுதிய கடிதங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தொடங்கினால் 'தங்கள்', 'தங்களுக்கு' என்று கடைசி வரை போக வேண்டும். கை வராவிட்டால் 'நீங்கள்' என்றே எழுதலாம், அதிலும் மரியாதை இருக்கிறது.

கீழ்வீட்டு அக்கா: எங்கள் வீட்டுக்கார அம்மாவுக்குக் கணவர் இல்லை. 'திருமதி' போடலாமா என்று ரொம்ப யோசித்து, பெயரோடு 'அம்மா அவர்களுக்கு' என்று எழுதினேன். சந்தோஷப்பட்டார். வாடகையை மட்டும் 500 ரூபாய் ஏற்றிவிட்டார், அதை எப்படி எழுதிக் கேட்பது?

கோவைக்காரன்: எனக்கென்னவோ 'தாத்தா'தான் காரணம் என்று தோன்றுகிறது. முகம் பழகாமல் உறவு வைத்தால் சிலருக்குப் பிடிக்காது. எங்கள் பக்கம் ஓய்வு பெற்ற வாத்தியார் என்றால் 'சார்'தான், எழுத்திலும்.

மாடிவீட்டுக்காரி: நேற்று வெள்ளைத்தாளில் கையால் எழுதி, வீட்டுக்காரரின் மகளிடம் கொடுத்தனுப்பினேன். 'மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு' என்று தொடங்கி, தேதியும் அட்வான்ஸும் கேட்டு, 'பணிவுடன்' என்று முடித்தேன். இன்று காலை பதில் வந்தது. "தாங்கள் ஆவணி முதல் வாரத்தில் வரலாம். முன்பணம் ரூ.30,000." எனக்கு 29 வயது, என்னைத் 'தாங்கள்' என்கிறார். 'நீ என்றே சொல்லுங்கள் ஐயா' என்று எழுதலாமா, அதுவும் அதிகப்பிரசங்கித்தனமா?

பழைய எழுத்தர்: எழுதாதீர்கள். பால் காய்ச்சுகிற அன்று நேரில் சொல்லுங்கள்.

கோவைக்காரன்: அதுவரைக்கும் அவரே மாறிவிடுவார் பாருங்கள்.