ரொட்டிச் சந்தையில் முஹ்தஸிப் யார் பக்கம் நின்றார்?

பொருநைக்கரை:
இடைக்கால கெய்ரோவில் முஹ்தஸிப் என்ற சந்தை அதிகாரி தராசையும் எடைக்கல்லையும் சோதிப்பார், ஏமாற்றுபவனைத் தண்டிப்பார் என்று படித்தேன். அவர் நிஜமாகவே வாங்குகிறவர் பக்கம் இருந்தாரா, இல்லை பெரிய வியாபாரிகளின் கையாளா?

கணக்குப்பிள்ளை:
சந்தேகமே வேண்டாம், வாங்குகிறவர் பக்கம்தான். ரேஷன் கடை மாதிரி எல்லாப் பொருளுக்கும் அவரே விலை வைத்தார். அதனால்தான் ஏழைகள் பிழைத்தார்கள்.

நாகூர் வாசகன்:
வாங்குகிறவர் பக்கம் என்பது எடை விஷயத்தில் சரி, விலை விஷயத்தில் அப்படியில்லை. விலையேற்றத்தின்போது விலை வைக்கச் சொல்லிக் கேட்டவர்களுக்கு நபிகள் நாயகம் மறுத்துவிட்டார், விலையை நிர்ணயிப்பவன் இறைவனே என்றார். அதனால் 12-ஆம் நூற்றாண்டில் முஹ்தஸிப்களுக்குக் கையேடு எழுதிய ஷைஸரி, விலை வைக்கும் அதிகாரம் இவருக்கு இல்லை என்கிறார். தானியத்தைப் பதுக்கியவனை விற்க வைக்கலாம், அவ்வளவுதான். பின்னால் வந்த மார்க்க அறிஞர் இப்னு தைமிய்யா, வியாபாரிகள் கூடி விலையை ஏற்றினால் விலை வைப்பது கடமை என்று வாதாடினார். பிற்காலத்தில் எகிப்தை ஆண்ட மம்லூக்குகளின் அதிகாரிகள் பஞ்சத்தில் பலமுறை விலை வைத்தார்கள், பல சமயம் ரொட்டி கடையிலிருந்தே மறைந்துபோனது.

ஆனால் தராசு விஷயத்தில் அந்தக் கையேடு அசர வைக்கிறது. எடைக்கல் இரும்பாக இருக்க வேண்டும். கல் என்றால் உரசி உரசித் தேயும், எடை குறையும். இரும்பு கிடைக்காவிட்டால் கல்லைத் தோலில் சுற்றி, சரிபார்த்து, முத்திரை குத்த வேண்டும். தராசில் எண்ணெயும் அழுக்கும் படியாமல் அடிக்கடி துடைக்க வேண்டும். பொருளைத் தட்டில் மெதுவாக வைத்து, ஆட்டம் நின்ற பிறகுதான் எடை பார்க்கலாம். கட்டைவிரலால் தட்டின் ஓரத்தை அமுக்கக் கூடாது. தங்கம் நிறுப்பவன் தராசை முகத்துக்கு நேரே பிடித்து, சரக்கு இருக்கும் தட்டின்மேல் லேசாக ஊதிவிடுவானாம். அதையும் பிடிக்கச் சொல்கிறார். இவ்வளவு நுணுக்கமாகக் கவனித்தவர் வாங்குகிறவர் பக்கம் இல்லாமல் வேறு யார் பக்கம்?

மளிகை செல்வி:
எங்கள் கடைத் தராசுக்கு வருஷம் தவறாமல் முத்திரை வைத்துவிடுகிறோம். பக்கத்துத் தள்ளுவண்டியில் செங்கல் துண்டை வைத்து நிறுக்கிறார்கள், கேட்பார் இல்லை. நேர்மையாக இருப்பவனுக்குத்தான் செலவு. அங்கேயும் அப்படித்தானே?

வெயிலான்:
செல்வி அக்கா கேட்டது சரியான கேள்வி. கையேட்டில் எழுதியிருப்பது ஒன்று, சந்தையில் நடப்பது ஒன்று. எகிப்திய வரலாற்றாசிரியர் மக்ரீஸி சொல்லும் ரொட்டிக்கடைக் கதையைப் பாருங்கள். 11-ஆம் நூற்றாண்டு, எகிப்தில் பாத்திமிய கலீஃபாக்களின் ஆட்சி. ஒவ்வொரு சந்தைக்கும் வியாபாரிகளிலிருந்தே ஒரு தலைவன், அரீஃப் என்பார்கள். அரீஃபின் கடையில் நாலு ராத்தல் ரொட்டி ஒன்றே அரைக்கால் திர்ஹம். எதிர்க்கடை ஏழை ரொட்டிக்காரன், சரக்கு காய்ந்துபோகுமே என்று பயந்து, நாலு ராத்தல் ஒரு திர்ஹம் என்று கூவினான். கூட்டம் அவனிடம் போனது. அரீஃப் உடனே முஹ்தஸிப்பின் ஆட்களை ஏவி, அவனுக்குப் பத்து திர்ஹம் அபராதம் போட வைத்தான்.

மலிவாக விற்றதற்கு அபராதம்! அந்த வழியே வந்த தலைமை நீதிபதி யாஸூரியிடம் அவன் முறையிட்டான். அவர் கூப்பிட்டுக் கேட்டதும், அரீஃப்கள் சொல்வதை ஏற்பதுதான் வழக்கம் என்றார் முஹ்தஸிப். யாஸூரி அரீஃபைப் பதவியிலிருந்து நீக்கி, ரொட்டிக்காரனுக்குப் பணமும் கொடுத்தார். போட்டி வந்தது, விலை இறங்கியது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

நாகூர் வாசகன்:
தம்பி, அந்தக் கதை அங்கே முடியவில்லை. கலீஃபா ஆண்டுதோறும் ஒரு லட்சம் தினாருக்குத் தானியம் வாங்கிச் சேமிப்பது வழக்கம். விலை இறங்கினால் அதில் நஷ்டம் என்பதால், கெட்டுப்போகாத மரம், சோப்பு, ஈயம், தேன் என்று வாங்கலாம் என்றார் யாஸூரி. அப்படியே செய்தார்கள். அப்புறம் நைலில் தண்ணீர் குறைந்தது, களஞ்சியத்தில் தானியம் இல்லை. முதலாளிகள் சரக்கைப் பிடித்து வைத்தால் தராசு எவ்வளவு நேர்மையாக இருந்து என்ன? போட்டி விளைச்சல் காலத்துக்குச் சரி, பஞ்சத்துக்கு உதவாது.

வெயிலான்:
களஞ்சியத்தைக் காலி செய்தது வேறு தவறு, அரீஃபை நீக்கியது வேறு. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள். என் குறை, முஹ்தஸிப் விசாரிக்காமல் அரீஃப் பேச்சைக் கேட்டதுதான். மக்ரீஸியே 1399-ல் கெய்ரோவின் முஹ்தஸிப்பாக இருந்தவர். சில வருஷம் கழித்து வந்த பெரும் பஞ்சத்துக்கு அவர் சொல்லும் காரணங்களில் முதலாவது, லஞ்சம் கொடுத்துப் பதவி வாங்குவது. கொடுத்த பணத்தை அதிகாரி சந்தையில்தானே திரும்ப எடுப்பான்?

கணக்குப்பிள்ளை:
சரி, விலை வைக்கும் அதிகாரம் கையேட்டில் இல்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் ஒரு நகரம் முழுக்க ரொட்டிக்கடைகள், முஹ்தஸிப் ஒருவர். அரீஃப் இல்லாமல் அவர் யாரை வைத்து விசாரிப்பார்?

பொருநைக்கரை:
அதற்கு யாராவது பதில் சொல்லுங்கள். நான் கேட்க நினைத்ததும் அதுதான்.