புதுப்பிப்பு: அப்பாவுக்கு ஸ்கூட்டர் பார்த்தாயிற்று

நான் முன்பு கேட்டது: "அப்பாவுக்கு 71 வயது, முழங்கால் வலி. எந்த ஸ்கூட்டர் லேசாக இருக்கும்?"

சீட் உயரம் குறைவாக இருந்தால் போதும் என்று ஒருவர் சொன்னார். பாதிதான் சரி. உயரம் ஏறக்குறைய ஒன்றாக இருந்த இரண்டு வண்டிகளில், சீட் அகலமானதில் தொடை விரிந்து அப்பாவுக்கு நுனிக்கால்தான் எட்டியது. முன்பக்கம் குறுகலான சீட்டில் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிந்தன.

மெக்கானிக் அண்ணன் சொன்ன சோதனைதான் முடிவு செய்தது: எஞ்சினை அணைத்து, உட்கார்ந்தபடியே காலால் தள்ளிப் பின்னால் எடுக்க வேண்டும். 110 கிலோ வண்டியில் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. 95 கிலோவில் எளிதாக வந்தது. அப்புறம் சென்டர் ஸ்டாண்ட். கையால் தூக்காமல், ஸ்டாண்டை உடல் எடையால் மிதித்தால் லேசான வண்டி தானாக ஏறிவிடுகிறது.

மூன்று சக்கர வண்டி யோசனை சொன்னவருக்கு நன்றி, ஆனால் அப்பாவுக்குச் சமநிலை தடுமாறவில்லை. சக்கரம் 10 அங்குலமா 12 அங்குலமா என்பதுதான் பாக்கி. பள்ளத்தில் பெரியது நல்லது. ஆனால் அந்த வண்டி எடை கூடுதல்.