வலப்பக்கம் தள்ளி எக்ஸ்போஸ் செய்தவர்கள் வாங்க, அனுபவம் சொல்லுங்க

நிழல்வேட்டை: அறைக்குள் மஞ்சள் பல்பு வெளிச்சம், ஜாடியில் சிவப்புப் பூக்கள், பின்னால் இருண்ட அலமாரி. முக்காலியில் ISO 100, f/8. மீட்டர் 1/4 நொடி சொன்னது. அலமாரியில் நாய்ஸ் வேண்டாமென்று 1 நொடி வைத்து, ரா கோப்பில் இரண்டு ஸ்டாப் இறக்கினேன். அலமாரி அத்தனை சுத்தம்! ஆனால் இதழ்களில் நரம்பே இல்லை, ஒரே சிவப்புத் திட்டு. கேமராவின் ஹிஸ்டோகிராம் வலது விளிம்பைத் தொடவே இல்லையே?

வெண்மேகம்: நான் எப்போதும் பொருளைச் சட்டத்தின் இடப்பக்கம்தான் வைப்பேன். வலப்பக்கம் வைத்தால் நாய்ஸ் குறையுமா?

பழைய லென்ஸ்: மேகம், இங்கே பேசுவது ஹிஸ்டோகிராமின் வலப்பக்கம் :)

வேட்டை, நீங்கள் பார்த்தது ஒற்றை வெள்ளை வரைபடமாக இருக்கும். அதில் பச்சைக்குத்தான் எடை அதிகம். சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்தால் தெரியாது. மூன்று நிறமும் தனித்தனியாகக் காட்டும் வரைபடத்தைப் போடுங்கள். அதுவும் ஜேபெக்கிலிருந்து வருவதுதான். வெயிலில் வெள்ளைச் சமநிலைக்காகச் சிவப்பை ஏறக்குறைய இரண்டு மடங்கு பெருக்கித்தான் காட்டுவார்கள். அங்கே சிவப்பு முட்டினாலும் ராவில் இன்னும் இடம் இருக்கலாம். பல்பு வெளிச்சத்தில் அந்தப் பெருக்கல் குறைவு, அதனால் முட்டியதாகக் காட்டினால் நம்புங்கள். நானாக இருந்தால் 1/4, 1/2, 1 என்று மூன்றும் எடுத்து RawDigger-இல் சிவப்பு சேனலைப் பார்ப்பேன்.

ராத்திரிப்பறவை: எதற்கு இவ்வளவு? ISO-வை ஏற்றினாலே வரைபடம் வலப்பக்கம் போகும். நட்சத்திரம் எடுக்கும்போது எனக்கு 1600-இல் நிழல் நன்றாகவே வருகிறது.

பழைய லென்ஸ்: பாதி சரி, பறவை. ஷட்டரும் அப்பர்ச்சரும் அதேதான் என்றால் சென்சாருக்கு வரும் ஒளி கூடவில்லை. சில கேமராக்களில் ISO ஏறும்போது மின்னணு நாய்ஸ் மட்டும் குறையும், அதனால் நிழல் கொஞ்சம் தேறும். ஆனால் ஏற்றும் ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஹைலைட்டில் ஒரு ஸ்டாப் போய்விடும். வானம் நகர்வதால் உங்களுக்கு நேரத்தை நீட்ட முடியாது. ஜாடி எங்கே ஓடப்போகிறது?

நிழல்வேட்டை: மூன்றையும் எடுத்துப் பார்த்தேன். 1 நொடியில் சிவப்பு மேல்வரம்பில் சுவர் மாதிரி நிற்கிறது. 1/2-இல் இதழ் நுனிகளில் மட்டும் கொஞ்சம். 1/4-ஐவிட அலமாரியும் மேல்: ஒளி இரண்டு மடங்கானால் சிக்னல்-நாய்ஸ் விகிதம் 1.4 மடங்கு என்பது கண்ணுக்கே தெரிகிறது.

சாம்பல் அட்டை: 1 நொடிப் படத்தையே ஹைலைட் ஸ்லைடரில் மீட்கலாமே, நான் அப்படித்தான் செய்கிறேன்.

பழைய லென்ஸ்: வானத்து வெள்ளை மேகத்தில் சரி, அங்கே பச்சை போனாலும் சிவப்பும் நீலமும் இருக்கும், மென்பொருள் ஊகித்துவிடும். சிவப்புப் பூவில் விவரம் முழுக்கச் சிவப்பில்தான். பச்சை, நீலத்தை வைத்து வேறொரு சிவப்பைத்தான் கட்டித் தரும்.

சாம்பல் அட்டை: எனக்கு அப்படி வித்தியாசம் தெரிந்ததில்லை. அந்த ரா கோப்பை அனுப்புங்க, வேட்டை.