கற்றல் வளைவு தட்டையாகிவிட்டது: கூடுதல் தரவா, சிக்கலான மாதிரியா?

வணக்கம். சென்னையில் மழைநீர்த் தேக்கம், குப்பை, தெருவிளக்கு குறித்து வரும் தமிழ்ப் புகார்களை வகைப்படுத்தும் மாதிரி ஒன்றைப் பழக்கி வருகிறேன். லாஜிஸ்டிக் ரிக்ரெஷனில் 2,000 புகார்களிலேயே பயிற்சிப் பிழை 18%, சரிபார்ப்புப் பிழை 20% என இரு வளைவுகளும் நெருங்கி, 6,000 வரை அசையாமல் நிற்பதால், அந்த மாதிரிக்கு இன்னும் தரவு சேர்ப்பது வீண் என்றே கருதுகிறேன்.

சிக்கலான மாதிரியில் பயிற்சிப் பிழை 3% ஆனது. சரிபார்ப்புப் பிழை 16 சதவீதத்தில் இருந்தாலும் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. இந்த இடைவெளி கூடுதல் தரவைக் கேட்கிறது. ஆனால் 200 புகார்களை இருவர் தனித்தனியே வகைப்படுத்தியபோது, தேங்கியது மழைநீரா கழிவுநீரா என்பது போன்ற ஐயங்களால் 22 புகார்களில் முரண்பட்டனர். குறிகளே இவ்வளவு தடுமாறும்போது பிழை எங்கே நின்றுவிடும்? மேலும் 4,000 புகார்களுக்குக் குறியிடுவதா, இருக்கும் குறிகளை முதலில் திருத்துவதா என்பதை அனுபவமுள்ளோர் விளக்க வேண்டுகிறேன்.