தரம் 4 வகுப்பு நூலகம்: வெள்ளிக்கிழமை நெரிசல், நம்ப முடியாத வாசிப்புப் பதிவு. என்ன செய்யலாம்?

கொட்டாஞ்சேனை டீச்சர்

வணக்கம். கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு பாடசாலையில் தரம் 4 படிப்பிக்கிறேன். எங்களுக்கு நூலகர் இல்லை. நூலக அறையில் பழைய மேசை கதிரைகள்தான் அடுக்கிக் கிடக்கின்றன. அதனால் வகுப்பிலேயே ஒரு அலுமாரியில் 110 கதைப்புத்தகங்கள் சேர்த்து வைத்திருக்கிறேன். பிள்ளைகள் 36 பேர்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் இரவல் கொடுக்கிறேன். சி.ஆர். கொப்பியில் பெயர், புத்தகப் பெயர், ஆசிரியர், திகதி, கையொப்பம் என்று ஐந்தையும் பிள்ளைகளே எழுத வேண்டும். மணி அடித்த பிறகும் பத்துப் பேராவது வரிசையில் நிற்கிறார்கள். யாரிடம் எந்தப் புத்தகம் என்று தேட, பக்கம் பக்கமாகப் பின்னால் புரட்ட வேண்டியிருக்கிறது.

மற்றது வாசிப்புப் பதிவு. தினமும் வாசித்த பக்கங்களை எழுதிப் பெற்றோரின் கையொப்பம் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். பல கொப்பிகளில் திங்கள் முதல் ஞாயிறு வரை "10 பக்கம்" என்றே இருக்கிறது, அதுவும் ஒரே பேனையால். 16 பக்கப் புத்தகத்தில் 70 பக்கம் வாசித்த பிள்ளையும் உண்டு. பிள்ளையைத் திட்ட எனக்கு மனமில்லை. முறையில்தான் ஏதோ பிழை. எதை மாற்றலாம்?

வெள்ளவத்தை சேர்

டீச்சர், கூகுள் ஷீட்டில் போடுங்கள். நான் உயர்தரப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் செய்கிறேன். அவர்களே போனில் பதிந்துவிடுவார்கள், தேடுவதும் சுகம்.

கொட்டாஞ்சேனை டீச்சர்

நன்றி சேர். ஆனால் இவர்கள் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள். போன் கொண்டுவர அனுமதி இல்லை, வகுப்பில் கணினியும் இல்லை. நான் ஒருத்தியே பதிந்தால் வரிசை இன்னும் நீளும்.

பம்பலப்பிட்டி வாசகர்

முதலில் எல்லாப் புத்தகத்துக்கும் இலக்கம் போடுங்கள். இலக்கம் இல்லாமல் எந்த நூலகமும் நடக்காது. பொருள்வாரியாக எண் கொடுக்கும் டூவி முறையில் பிரித்து அடுக்கினால் பிள்ளைகளுக்கும் பழகிவிடும். பிந்தினால் நாளுக்கு 5 ரூபாய் தண்டம் வையுங்கள், புத்தகம் தானாக வரும்.

தெஹிவளை, ஓய்வுபெற்ற நூலகர்

தம்பி சொன்னதில் இலக்கம் என்பது சரி. டூவி இங்கே உதவாது. கதைப்புத்தகங்களில் நாட்டார் கதைகள் 398க்கும் மற்றவை பெரும்பாலும் 894.811க்கும் போய்விடும். அலுமாரி முழுக்க ஒரே இரண்டு எண் ஒட்டி என்ன பயன்? 1 முதல் 110 வரை வரிசை இலக்கம் போதும். தண்டம் வேண்டவே வேண்டாம். காசில்லாத பிள்ளை புத்தகத்தைத் திருப்பித் தரப் பயப்படும், அடுத்தமுறை எடுக்கவும் வராது.

மகள், உங்கள் நேரம் போவது எழுதுவதில். இரவல் கொடுக்கும்போது யாரும் எதையும் எழுதாத பழைய முறை ஒன்று இருக்கிறது: அட்டையும் பையும். நீளமான கடித உறையை ஒட்டி நடுவே வெட்டினால் இரண்டு பைகள் கிடைக்கும். 55 உறைகள் 110 புத்தகங்களுக்கும் போதும். பின்னட்டையின் உட்பக்கத்தில் ஒவ்வொன்றாக ஒட்டுங்கள். பிரிஸ்டல் போட்டில் 3 அங்குலத்துக்கு 5 அங்குலம் அட்டை வெட்டி, இலக்கமும் புத்தகப் பெயரும் எழுதிப் பைக்குள் போடுங்கள். உறை சிறிது என்றால் அட்டையையும் குறையுங்கள், மேல் நுனி வெளியே தெரிய வேண்டும். அதே இலக்கத்தைப் பையிலும் புத்தகத்தின் முதல் பக்கத்திலும் எழுதுங்கள். அட்டை வேறு புத்தகத்துக்குள் போனால் உடனே தெரியும்.

இன்னும் 18 உறைகளில் 36 பைகள் செய்து, பிள்ளைகளின் இடாப்பு இலக்கத்தோடு ஒரு பெரிய போட்டில் ஒட்டிச் சுவரில் மாட்டுங்கள். பிள்ளை புத்தகத்தை எடுக்கும்போது அதன் அட்டையை உருவித் தன் பையில் போடும். திருப்பித் தரும்போது அட்டை புத்தகத்துக்குள் திரும்பிப் போகும். பையில் அட்டை இருக்கும் பிள்ளைக்கு அடுத்த புத்தகம் இல்லை. யாரிடம் என்ன இருக்கிறது என்பதைச் சுவரைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

36 பேரையும் ஒரே நாளில் விடாதீர்கள். நான்கு நாட்களுக்கு ஏழு ஏழு பேர், ஒரு நாள் எட்டுப் பேர். காலையில் முதல் மணிக்கு முன் நடக்கட்டும். அந்த நாளே அவர்களின் தவணை நாளும் என்பதால் திகதி குத்தத் தேவையில்லை. போயா வந்தால் அந்தக் குழு அடுத்த பாடசாலை நாளில் மாற்றிக்கொள்ளும். வேறு நாள் குழுவிலிருந்து இரண்டு பிள்ளைகளை உதவிக்கு வையுங்கள்.

இதில் அதிகம் வரும் பிழை, அட்டை பக்கத்துப் பையில் விழுவது. அட்டையைப் போடவோ எடுக்கவோ மறப்பதும் உண்டு, அதற்கு வாரக் கடைசியில் எண்ணிப் பாருங்கள். சுவரில் 26 அட்டைகள் என்றால் அலுமாரியில் 84 புத்தகங்கள் இருக்க வேண்டும். 83 இருந்தால் ஒன்று அட்டை போடாமல் வெளியே போயிருக்கிறது. 85 என்றால் ஒரு புத்தகம் திரும்பி வந்தும் அட்டை சுவரிலேயே நிற்கிறது.

மட்டக்குளி அப்பா

நான் பெற்றோர் பக்கத்திலிருந்து சொல்கிறேன். நானும் மனைவியும் வேலை முடிந்து வர இரவு எட்டு மணி தாண்டும். ஞாயிற்றுக்கிழமை மகன் கொப்பியை நீட்டுவான், ஏழு கையொப்பத்தையும் ஒன்றாக வைப்பேன். அவன் வாசிக்காமல் இல்லை. ஒரே நாளில் முழுப் புத்தகத்தையும் முடித்துவிட்டு, பிறகு நான்கு நாள் தொடவே மாட்டான். அதை அந்தக் கொப்பியில் எப்படி எழுதுவது?

தெஹிவளை, ஓய்வுபெற்ற நூலகர்

இதுதான் விஷயம். தினப் பக்கக் கணக்குக் கேட்டால் பிள்ளை கணக்கைத்தான் தரும். பக்கத்தையும் கையொப்பத்தையும் விட்டுவிடுங்கள். புத்தகம் மாற்றும் நாளில் மட்டும், வகுப்பிலேயே, ஒரு வரி: புத்தக இலக்கம், எடுத்த திகதி, "முடித்தேன்" அல்லது "நிறுத்தினேன்", அப்புறம் ஒரு வசனம். நிறுத்துவது குற்றமில்லை என்று முதலிலேயே சொல்லுங்கள், அப்போதுதான் உண்மையை எழுதுவார்கள். அன்று வரும் ஏழு பேரிடமும் ஆளுக்கு ஒரு நிமிடம். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, "இதற்குப் பிறகு என்ன நடக்கிறது?" என்று கேளுங்கள். வாசித்த பிள்ளை கதையை ஓட்டிக்கொண்டு போகும், வாசிக்காத பிள்ளை படத்தைப் பார்த்துச் சொல்லும். மூன்று முறை தொடர்ந்து "நிறுத்தினேன்" வந்தால் சோம்பல் என்று எடுக்காதீர்கள், எடுக்கும் புத்தகம் கடினம். அடுத்ததை எடுக்கும் முன் உங்களிடம் ஒரு பக்கம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை டீச்சர்

தொடங்கிவிட்டேன் ஐயா. காலைப் பிரார்த்தனைக்கு முன்பே குழு முடிந்துவிடுகிறது. அட்டை இடம் மாறுவது நடக்கிறதுதான், ஆனால் உதவிப் பிள்ளைகளே கண்டுபிடிக்கிறார்கள். பதிவில் ஒரு பிள்ளை, "நிறுத்தினேன், நாய் செத்துவிடும் போல இருந்தது" என்று எழுதியிருந்தது. கொப்பி பார்க்க இப்போது எனக்கே ஆசையாக இருக்கிறது.

தாமதமாக வரும் பிள்ளைகள் மூன்று பேர் ஒவ்வொரு வாரமும் தவறுகிறார்கள். அவர்களுக்கு இடைவேளையில் கொடுக்கிறேன். இன்னொரு கேள்வி: இவை அன்பளிப்புப் புத்தகங்கள். பாடசாலைப் பொருட்பதிவேட்டில் ஏற்ற வேண்டுமா?

பம்பலப்பிட்டி வாசகர்

ஏற்றாதீர்கள். வருடக் கணக்கெடுப்பில் ஒரு புத்தகம் குறைந்தாலும் உங்களைத்தான் கேட்பார்கள்.

தெஹிவளை, ஓய்வுபெற்ற நூலகர்

ஏற்றாவிட்டால் நீங்கள் இடமாற்றம் போகும் அன்று அலுமாரிக்குச் சொந்தக்காரர் இல்லாமல் போகும். இது அதிபர் எடுக்க வேண்டிய முடிவு. இலக்கம், பெயர், யார் தந்தது, எந்த வருடம் என்று பட்டியலை இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றை அவரிடம் கொடுத்துக் கேளுங்கள்.

கொட்டாஞ்சேனை டீச்சர்

பட்டியல் 64 வரை எழுதிவிட்டேன். முடிந்ததும் அதிபரிடம் போகிறேன். தரம் 5 டீச்சரும் இந்த முறையைக் கேட்கிறார், ஆனால் புலமைப்பரிசில் வருடத்தில் கதைப்புத்தகம் எதற்கு என்று அங்கே சில பெற்றோர் சண்டைக்கு வருகிறார்களாம். தரம் 5இல் இதை நடத்தியவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.