கடைக் கணக்கில் அளவுகளை மாற்றாமல் விளக்கும் குறிப்புக்கு என்ன பெயர்?

மங்கை எழுதியது:

வணக்கம். கும்பகோணம் பக்கத்து மளிகைக் கடை ஒன்றின் பழைய பேரேட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் குடும்பத்தின் இன்றைய தலைமுறைக்காக இக்காலத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர்த்துக் கொடுக்க வேண்டும். அளவுகளைக் கிலோ, லிட்டர் ஆக்கப் போவதில்லை. வீசை வீசையாகவே நிற்கும். பக்கத்திலேயே, அது இந்தக் கணக்கில் எப்படி நடக்கிறது என்று இரண்டு வரி இருக்கும்.

அந்த இரண்டு வரிக்குத்தான் பெயர் தேடுகிறேன். அடிக்குறிப்பு என்றால் ஆள் பெயர், ஊர்ப் பெயர் பற்றிய குறிப்புகளும் அதில் வந்துவிடும். இது அளவுக்கு மட்டும். மாதிரிக்கு ஒரு பக்கம்:

உ
பிரமாதி௵ தை௴ ௰௨௳
௶ துவரம்பருப்பு வீ 2 ப 10 — 0-9-0
௶ வெல்லம் ம வ — 0-4-6
௶ ந எண் ப 5 — 0-1-0
௷ நெல் க 2 ம 3 — 4-8-0

செந்தில் எழுதியது:

பெயர் பிறகு இருக்கட்டும். மாற்றவே மாட்டேன் என்பது ஏன்? வீசை என்பது 120 தோலா, கிட்டத்தட்ட 1.4 கிலோ. இது வெள்ளைக்காரன் காலத்திலேயே நிலைப்படுத்திய எடை. ஒரு விரிதாளில் போட்டால் எல்லா வரியும் ஒரே நொடியில் மாறிவிடும். நான் போட்டே பார்த்துவிட்டேன். பருப்பு 3.15 கிலோ, விலை 0.90. வெல்லம் 0.46. வெல்லத்துக்கு அளவு எழுதவில்லை, ‘வரவு’ என்று மட்டும் இருக்கிறது. மேலே தனியாக ஒரு 2 இருக்கிறதே, அது பக்க எண்தானே?

ராமசாமி எழுதியது:

செந்தில் தம்பி, வீசைக்கு நீங்கள் சொன்ன எடை சரிதான். மற்றதைப் பார்ப்போம்.

மேலே இருப்பது 2 அல்ல, பிள்ளையார் சுழி. ‘உ’வும் ௨-உம் ஒரே உருவம், அதனால் வந்த குழப்பம். அப்புறம் காசு. 0-4-6 என்பது 4 அணா 6 பைசா, அதாவது பை. அணாவுக்குப் பன்னிரண்டு பை, ரூபாய்க்குப் பதினாறு அணா. நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். அதற்கு முந்தைய கணக்கில் கோட்டைப் புள்ளியாக்கினால் தொகை தவறாகிவிடும். 4 அணா 6 பை இன்றைய முறையில் 28 பைசாவுக்குக் கொஞ்சம் மேல். உங்கள் தாளில் 46 என்று நிற்கிறது.

வெல்லத்துக்கு அளவு இருக்கிறது. ‘ம வ’ என்றால் கால் மணங்கு. இங்கே ‘வ’ எழுத்தல்ல, கால் என்பதற்கான பழைய குறி. வரவுக்குத்தான் ௷ என்று தனிக்குறி போட்டிருக்கிறாரே கணக்குப்பிள்ளை, பற்றுக்கு ௶. சரி, ‘ம’ மணங்கு என்று எப்படித் தெரியும்? நெல் வரியிலும் ‘ம’ வருகிறது, அங்கே அது மரக்கால். கலத்துக்குப் பின்னால் வந்தால் மரக்கால், வெல்லத்தோடு வந்தால் எடை. விலையை வைத்தும் சோதிக்கலாம். எட்டு வீசை ஒரு மணங்கு, ஆக கால் மணங்கு இரண்டு வீசை. 4 அணா 6 பையை இரண்டால் வகுத்தால் வீசை 2 அணா 3 பை. மிச்சம் இல்லாமல் வகுபடுகிறது, விலையும் நம்பும்படி இருக்கிறது.

‘ப’வும் இதே மாதிரிதான். பருப்பில் வீசைக்குப் பின் வருவதால் பலம். நாற்பது பலம் ஒரு வீசை, பத்துப் பலம் கால் வீசை. இரண்டேகால் வீசைக்கு 9 அணா என்றால் வீசை 4 அணா, சரியாக இருக்கிறது. எண்ணெய் வரியில் ‘ப 5’ தனியாக நிற்கிறது. படியாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு அணாவுக்கு ஐந்து படி நல்லெண்ணெய் எவன் கொடுப்பான்? ஐந்து பலம் என்று வைத்தால் வீசை 8 அணா. அதுதான் பொருந்துகிறது.

மங்கை எழுதியது:

ஐயா, நன்றி. நான் எழுத நினைக்கும் விளக்கம் இதுதான். பருப்பு வரிக்குக் கீழே இப்படிப் போடுவேன்: “வீசைக்கு நாற்பது பலம். பத்துப் பலம் கால் வீசை. விலை வீசைக்கு 4 அணா என்று இந்த வரியே காட்டுகிறது.” எண்ணெய்க்கு: “மூலத்தில் ‘ப’ மட்டும் உள்ளது. விலையை வைத்துப் பலம் எனக் கொண்டோம்.”

ஆங்கிலத்தில் இது இன்னும் முக்கியம். மணங்கை வழக்கமான ஆங்கிலச் சொல்லால் பெயர்த்துவிட்டுப் பேசாமல் இருந்தால், வடநாட்டு மணங்கு மட்டும் தெரிந்தவர் 82 பவுண்டு என்று எடுத்துக்கொள்வார். சென்னை மணங்கு 25 பவுண்டு. மொழிபெயர்ப்பு சரியாக இருந்தும் அளவு மூன்று மடங்குக்கு மேல் போய்விடும்.

யோகன் எழுதியது:

எனக்கும் இதே தேவைதான். யாழ்ப்பாணத்தில எங்கட அப்பப்பாவின்ர காணி உறுதியில பரப்பு, குழி எண்டு கிடக்கு. ஏக்கருக்கு மாத்துற சூத்திரம் இந்தக் குழுவில யாரிட்டயும் இருக்கா? வழக்கு ஒண்டு இருக்கு, அவசரம்.

கலா எழுதியது:

யோகன், நாங்கள் பேசுவது மாற்றாமல் இருப்பதைப் பற்றி. உங்களுக்கு வேண்டியது நில அளவையாளர். வழக்கில் நிற்கும் காணிக்கு மடலாடலில் சூத்திரம் வாங்காதீர்கள்.

பெயருக்கு வருகிறேன். ‘அளவுரை’ என்று வைக்கலாம். பதவுரை, பொழிப்புரை வரிசையில் இயல்பாக உட்காரும். பதவுரை செய்யுளை மாற்றுவதில்லை, ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைத்துப் பொருள் சொல்லும். மங்கை செய்வதும் அதுதான். ‘அலகு விளக்கக் குறிப்பு’ என்றும் யோசித்தேன், நீளம். அலகு என்றதும் பறவையின் மூக்கு வேறு நினைவுக்கு வருகிறது.

செந்தில் எழுதியது:

அளவுரை கேட்க நன்றாக இருக்கிறது. தட்டச்சில் ‘அளவுறை’ என்று அடித்துவிட்டால் ஏதோ தலையணை உறை மாதிரி ஆகிவிடும், பரவாயில்லை. காசு விஷயம் புரிந்தது, தாளைத் திருத்திவிட்டேன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். இன்று படிக்கிறவருக்குப் பலமும் தெரியாது, வீசையும் தெரியாது. தெரியாததைத் தெரியாததால் விளக்கினால் அவருக்கு என்ன கிடைக்கும்? அளவுரைக்குள் ‘சுமார் 3 கிலோ’ என்று ஒரு சொல் போட்டால் என்ன குறை?

ராமசாமி எழுதியது:

எடைக்குப் போடலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. நெல்லுக்குப் போட முடியாது. காரணம் சொல்கிறேன்.

வாய்ப்பாட்டில் எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். குறுணிதான் மரக்கால். நாழியைப் படி என்று வைத்தால் கலத்துக்கு 96 படி. ஆனால் தஞ்சாவூர்ப் பக்கம் புழங்கிய மரக்காலுக்குப் பட்டணம் படி இரண்டுதான் பிடிக்கும். அந்தக் கணக்கில் கலம் 24 படி. சென்னை மரக்காலுக்கு எட்டுப் படி. சொல் ஒன்று, கொள்ளளவு நாலு மடங்கு வித்தியாசம். எங்கள் பக்கம் இன்றைக்கும் வயதானவர்கள் மூட்டைக்கு இரண்டு கலம் என்பார்கள், அது இந்தச் சிறிய கலம். வாய்ப்பாட்டைப் பார்த்து விரிதாளில் 96 என்று போட்டால் கடைக்காரர் நாலரை மூட்டை நெல் வாங்கியதாக எழுதிவிடுவீர்கள். வந்தது ஒரு மூட்டைக்குச் சற்று மேல்.

அதோடு தலை தட்டி அளந்தாரா, கோபுரமாக அளந்தாரா என்பது வேறு இருக்கிறது. வாங்கும்போது கோபுரம், விற்கும்போது தலை தட்டு என்று கடைக்காரர்களைப் பற்றி ஊரில் பேச்சு உண்டு. ஏட்டில் அது வராது.

ஆனால் பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்பது இரண்டு முறைக்கும் பொது. 2 கலம் 3 மரக்கால் இரண்டேகால் கலம். 4-8-0 நாலரை ரூபாய். கலம் இரண்டு ரூபாய். கலம் எவ்வளவு பெரியது என்று தெரியாமலே இவ்வளவும் உறுதியாகச் சொல்லிவிடலாம். அளவுரையில் இதைப் போடுங்கள். லிட்டர் வேண்டுமென்றால் பின்னிணைப்பில், ஊர்ப் பெயரும் ‘ஏறத்தாழ’வும் சேர்த்து.

கலா எழுதியது:

அப்படியானால் அளவுரைக்கு எல்லையும் கிடைத்துவிட்டது. ஏட்டுக்குள் அளவுகளுக்கு இடையே உள்ள உறவைச் சொல்வது அளவுரை. ஏட்டுக்கு வெளியே உள்ள அளவோடு ஒப்பிடுவது வேறு, அதை ‘ஒப்பளவு’ என்று பின்னிணைப்புக்கு அனுப்பலாம். எண்ணெய் வரியில் ‘ப’வைப் பலம் என்று விரித்தது இரண்டிலும் சேராது. அது வாசிப்பு. அதை அளவுரைக்குள் வைப்பது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

மங்கை எழுதியது:

ஒப்பளவு நல்ல சொல், எடுத்துக்கொள்கிறேன். ‘ப’வைத் தனியாகப் பிரிக்க மனம் வரவில்லை. வாசகர் அந்த வரியில் நின்று குழம்பும்போது விளக்கம் அங்கேயே இருக்க வேண்டும், இரண்டு இடத்தில் தேட விடக் கூடாது. விரித்த எழுத்துகளைச் சதுர அடைப்பில் போட்டு, ப[லம்] என்று காட்டுகிறேன். மூலத்தில் இருந்தது எது, நான் சேர்த்தது எது என்று தெரிந்துவிடும்.

ஆண்டுக்கும் இதையே செய்தேன். பிரமாதி அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும், 1879லும் உண்டு, 1939லும் உண்டு. முந்தைய பக்கத்தில் ஒட்டிய ரெவின்யூ ஸ்டாம்பில் ஆறாம் ஜார்ஜ் தலை இருப்பதால் பிந்தியது என்று கொண்டேன். தை 12 என்றால் 1940 ஜனவரி கடைசி. பொங்கல் கழிந்து அறுவடை நெல் கடன் தீர்க்க வந்திருக்கிறது.

ராமசாமி எழுதியது:

ஆண்டுக்குப் போடுவதையும் அளவுரை என்பீர்களா? காலமும் ஒரு அளவுதான் என்று வாதாடலாம், ஆனால் எனக்கு ஒட்டவில்லை.

இன்னொன்று. அந்த வீட்டில் கடையின் பழைய மரக்கால் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் விளிம்பில் முத்திரை இருக்கிறதா பாருங்கள். முத்திரை இல்லாவிட்டாலும் தண்ணீர் ஊற்றி அளந்துவிடலாம். மரப்பாத்திரமாக இருந்து விரிசல் விட்டிருந்தால் தண்ணீர் வேண்டாம், கடுகு போட்டு அளக்கலாம்.

செந்தில் எழுதியது:

கடைசியில் லிட்டருக்கே வந்துவிட்டீர்களே ஐயா!

ராமசாமி எழுதியது:

பின்னிணைப்புக்குத்தான் தம்பி.

மங்கை எழுதியது:

கேட்டுவிட்டேன். பித்தளைப் பூண் போட்ட மரக்கால் ஒன்று பரணில் இருக்கிறதாம். ஆனால் கடையில் இருந்ததா, களத்தில் இருந்ததா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் படம் அனுப்புகிறார்கள். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்படி எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.